ஆற்று ஈயும் ஐவர்மெக்டினும்: கேமரூனுக்குப் போகிற தம்பிக்கு

கேள்வி: "என் தம்பிக்கு கேமரூனில் சனகா ஆற்றோரம் அணைக்கட்டு வேலை கிடைத்திருக்கிறது. இரண்டு வருட ஒப்பந்தம். அங்கே ஆற்றங்கரை ஈ கடித்தால் கண்ணே போய்விடும் என்று பயமுறுத்துகிறார்கள். வருஷத்துக்கு ஒரு தடவை ஐவர்மெக்டின் போட்டால் போதும் என்றும் சொல்கிறார்கள். நம்மூர் மருந்துக்கடையிலேயே கிடைக்கிறதே, வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடலாமா? ஒரு தடவை போட்டாலே போகிற நோய் என்றால் ஏன் வருஷா வருஷம் போடச் சொல்கிறார்கள்?"

மாத்திரையைக் கையில் கொடுத்து அனுப்ப வேண்டாம். மருந்து நல்ல மருந்துதான். ஆனால் அந்தப் பகுதியில் அதைப் போடுவதற்கு முன்னால் பார்க்க வேண்டிய ரத்தப் பரிசோதனை ஒன்று இருக்கிறது. அதைப் பார்க்காமல் போட்டுக்கொண்டு நினைவிழந்து விழுந்தவர்கள் உங்கள் தம்பி போகிற அதே பிராந்தியத்தில் இருந்திருக்கிறார்கள். கண்ணைப் பொறுத்தவரை நீங்கள் பயப்படுகிற அளவுக்கு ஒன்றும் இல்லை. இரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டுத் திரும்புகிறவருக்கு, ஆங்கிலத்தில் ரிவர் பிளைண்ட்னஸ் எனப்படும் இந்த ஆற்று நோயால் பார்வை போவது மிக மிக அரிது. அரிப்பு வேண்டுமானால் வரலாம், அதுவும் பெரும்பாலும் ஊர் திரும்பிய பிறகு. நான் கண் மருத்துவன். மத்திய ஆப்பிரிக்காவில் இந்த நோய்க்காக ஊர் ஊராகப் போகும் குழுக்களோடு வேலை பார்த்திருக்கிறேன். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் கடைசிக் கேள்விக்கான பதில் தெரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரிந்துவிடும்.

முதலில் ஈ. வீட்டில் பார்க்கிற ஈயில் பாதிகூட இருக்காது. கறுப்பாக, முதுகு கூன் போட்டது போல இருக்கும். சிமுலியம் என்பது அதன் பேரினப் பெயர், கேமரூனில் ஊர்க்காரர்கள் 'மூட்-மூட்' என்பார்கள். கொசுவைப் போலத் தேங்கிய தண்ணீரில் இது முட்டையிடாது. தண்ணீர் பாறையில் மோதி வெள்ளை நுரை கிளப்பி ஓடுகிற இடம்தான் வேண்டும், அங்கேதான் ஆக்ஸிஜன் நிறையக் கரைந்திருக்கும். அப்படி ஓர் இடத்தில், நீரில் இழுபட்டுக்கொண்டிருக்கும் புல்லையோ கிளையையோ வெளியே எடுத்துப் பாருங்கள். இலையின் அடியில் அரிசி அளவுகூட இல்லாத புழுக்கள் வரிசையாக ஒட்டிக்கொண்டிருக்கும். வால்நுனியால் இலையைப் பிடித்துக்கொண்டு, தலையிலுள்ள விசிறி போன்ற மயிர்களால் ஓடும் நீரிலிருந்து உணவை வடித்துத் தின்னும். நீரோட்டம் நின்றால் அவை செத்துப்போகும். அணை கட்டினால் மேல்பக்கத்துப் பாறைகள் ஏரிக்கடியில் மூழ்கிவிடும், அங்கே ஈ இல்லாமல் போகும். ஆனால் உபரிநீர் வழிந்தோடும் கான்கிரீட் சரிவு இந்தப் புழுக்களுக்கு அருமையான இடம். ஆக, அணை வேலை நடக்கிற இடத்தில் ஈ குறையவும் செய்யும், புதிதாகப் பெருகவும் செய்யும்.

பெண் ஈ மட்டும்தான் கடிக்கும், பகலில்தான் கடிக்கும். கொசு போல ஊசியைச் செருகி உறிஞ்சாமல், தோலைக் கிழித்து ஊறி வரும் ரத்தத்தை நக்கும். அதனால்தான் கடித்த இடத்தின் நடுவில் குண்டூசி முனை அளவு ரத்தப்புள்ளி தெரியும். ஆப்பிரிக்காவில் இந்த ஈ தாழப் பறக்கும், பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழேதான் கடிக்கும். குவாத்தமாலாவில் இருந்த இனம் உடம்பின் மேல்பகுதியைக் கடிக்கும், அங்கே நோயாளிகளுக்குத் தலையிலேயே கட்டிகள் வந்தன.

ஈ கடிப்பது மட்டும் நோயில்லை. நம் மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளிலும் சிமுலியம் இனங்கள் உண்டு, அவை இந்த நோயைப் பரப்புவதில்லை, ஏனென்றால் புழு இங்கே இல்லை. ஆப்பிரிக்க ஈ நோய் வந்த ஒருவரைக் கடித்து, அவர் தோலிலிருந்து குட்டிப் புழுக்களை எடுத்துக்கொண்டு, அவை தன் உடம்பில் வளர்ந்த பிறகு இன்னொருவரைக் கடித்தால்தான் புழு தாவும். புழுவின் பெயர் ஓங்கோசெர்கா வால்வுலஸ். யானைக்கால் புழுவுக்குச் சொந்தக்காரன் என்று வைத்துக்கொள்ளலாம்.

தோலுக்குள் இறங்கிய இளம்புழு முதிர்ந்து குட்டி போட ஏறக்குறைய ஒரு வருடம், சில சமயம் அதற்கும் மேல் ஆகும். பெண் புழு 30 முதல் 50 சென்டிமீட்டர் நீளம், நூல் கனம். இடுப்பெலும்பு, விலா, முட்டி போல எலும்பு துருத்தி நிற்கும் இடங்களில் தோலுக்கடியில் சுருண்டு கிடக்கும். அதைச் சுற்றி உடம்பு ஒரு கட்டியைக் கட்டிவிடும். தொட்டால் கோலிக்குண்டு போல உருளும், வலிக்காது. ஆண் புழு சில சென்டிமீட்டர்தான், கட்டி விட்டுக் கட்டி போய்வரும். பெண் புழு 10 முதல் 15 வருடம் வாழும், ஒரு நாளைக்கு ஆயிரம் வாக்கில் குட்டி போடும். கண்ணுக்குத் தெரியாத அந்தக் குட்டிகளுக்கு மைக்ரோஃபைலேரியா என்று பெயர். அவை ரத்தத்தில் அதிகம் சுற்றாது, தோலிலும் கண்ணிலும்தான் ஊரும். ஒன்றிரண்டு வருடத்துக்குள் செத்துவிடும்.

இதில் ஒன்றைக் கவனித்துக்கொள்ளுங்கள். குட்டிகள் மனித உடம்பிலேயே வளர்ந்து பெரிய புழு ஆகாது. அதற்கு ஈயின் வழியாகப் போய் வந்தாக வேண்டும். எனவே ஒருவர் உடம்பில் இருக்கும் ஒவ்வொரு பெரிய புழுவும் தனித்தனியாக ஈ கொண்டுவந்து விட்டதுதான். வருடக்கணக்காகக் கடி வாங்க வாங்கத்தான் புழுச் சுமை கூடும். அங்கேயே பிறந்து, சின்ன வயதிலிருந்து ஆற்றங்கரையில் குளித்து, துணி துவைத்து, நிலம் உழுகிறவருக்கு 40 வயதில் வரும் நிலை வேறு, இரண்டு வருட ஒப்பந்தத்தில் போகிறவர் நிலை வேறு. தம்பியின் கண்ணைப் பற்றி நான் தைரியமாகச் சொல்வது இதை வைத்துத்தான்.

பெரிய புழு கட்டிக்குள் சும்மா கிடக்கும், அதனால் பெரிதாகத் தொல்லை இல்லை. தொல்லையெல்லாம் குட்டிகளால், அதுவும் அவை சாகும்போது. உயிரோடு ஊரும் குட்டியை உடம்பு பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. செத்தால் அதன் உடம்பிலிருந்து வெளிப்படும் பொருள்களைப் பார்த்து நோய் எதிர்ப்பு அணுக்கள் பாய்ந்து வரும். அந்தப் புழுக்களுக்குள் வோல்பாக்கியா என்றொரு பாக்டீரியா குடியிருக்கிறது. அழற்சியைக் கிளப்புவதில் பெரும்பங்கு அந்த பாக்டீரியாவுக்கு என்று எலிகளின் கண்ணில் செய்த ஆய்வுகள் காட்டின. வோல்பாக்கியாவை நினைவில் வையுங்கள், பின்னால் அது நமக்கு உதவும்.

தோலில் இப்படி தினமும் ஆயிரக்கணக்கில் செத்துக்கொண்டிருந்தால் எப்படி இருக்கும்? அரிப்பு என்று எழுதிவிட்டுப் போக மனம் வரவில்லை. ராத்திரி தூங்க விடாத அரிப்பு அது. நகம் போதாமல் கல்லாலும் ஓட்டாஞ்சில்லாலும் சொறிந்துகொள்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். முதலில் சின்னச் சின்னப் பருக்கள். வருடங்கள் போகப் போகத் தோல் தடித்துக் கறுத்து உடும்புத்தோல் மாதிரி ஆகும். அதற்கப்புறம் மீள்தன்மை போய், வயதுக்கு மீறிய சுருக்கம் விழும். முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் நிறம் போய், வெள்ளைத் திட்டுகளுக்கு நடுவே கறுப்புப் புள்ளிகள் மட்டும் மிஞ்சும். சிறுத்தைத் தோல் என்பார்கள். கேமரூனின் தென்பாதியில், காட்டுப் பகுதியில், கண்ணைவிடத் தோல்தான் அதிகம் கெடுகிறது. பார்வையிழப்பு அதிகம் இருந்தது வடக்கே, புல்வெளிப் பகுதியில். அங்கும் இங்கும் உள்ள புழு வகைகள் கொஞ்சம் வேறு.

கண்ணில் நடப்பது என்னுடைய துறை என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். கண்ணுக்குள் குட்டிப் புழு இருக்கிறதா என்று பார்க்க, நோயாளியை முழங்கால்களுக்கு நடுவே தலையைத் தொங்கவிட்டுச் சில நிமிடம் உட்காரச் சொல்வோம். அப்புறம் சட்டென்று நிமிர்த்தி, ஸ்லிட் லேம்ப் கருவியில் பார்த்தால், கருவிழிக்குப் பின்னால் உள்ள தெளிந்த நீரில் வெள்ளி இழை போல நெளிந்து மெல்லக் கீழே இறங்கும். நோயாளிக்கு அது தெரியவே தெரியாது. கருவிழிக்குள்ளேயே செத்த குட்டியைச் சுற்றிப் பஞ்சு போல ஒரு சின்னப் புள்ளி விழும், அது மறைந்துவிடும், பயமில்லை. பல வருடம் இப்படியே போனால் கருவிழியின் இரு ஓரங்களிலும் வெண்மை ஏறி, கீழ்ப்பக்கமாக ஒன்றுசேர்ந்து, நடுவை நோக்கி நகரும். அது பாப்பாவை மூடினால் பார்வை போச்சு, திரும்பாது. இன்னொரு வழி பின்பக்கம். விழித்திரையும் பார்வை நரம்பும் மெல்லக் கருகும். நேரே பார்ப்பது தெரியும், பக்கத்தில் வருகிறவர் தெரியமாட்டார், மங்கலில் தடுமாறுவார். இதுதான் அதிகம் ஏமாற்றுவது. கண் வெளிப்பார்வைக்கு நன்றாக இருக்கும், அவரும் குறை சொல்லமாட்டார், வயதாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வார். மாத்திரையால் கருவிழியின் ஆரம்பக் கோளாறுகள் சரியாகும். கருகிப்போன நரம்பை எந்த மருந்தும் திருப்பித் தராது.

இப்போது மாத்திரைக்கு வருவோம். ஜப்பானில் சடோஷி ஓமுரா, இட்டோ நகரத்துக் கோல்ஃப் மைதானம் ஒன்றின் அருகே எடுத்த மண்ணில் ஒரு பாக்டீரியாவைப் பிரித்தார். அமெரிக்காவில் மெர்க் நிறுவனத்தில் வில்லியம் கேம்பல் குழு அதிலிருந்து ஐவர்மெக்டினை உருவாக்கியது. முதலில் அது மாட்டுக்கும் குதிரைக்கும்தான். மனிதனுக்கு, இந்த நோய்க்கு, முதலில் கொடுத்துப் பார்த்தது 1981-ல் செனகலின் டாக்கரில். 1987-ல், தேவைப்படும் வரை தேவைப்படும் அளவு இலவசமாகத் தருவோம் என்று மெர்க் அறிவித்தது, இன்றுவரை தருகிறது. ஓமுராவும் கேம்பலும் 2015-ல் நோபல் பரிசு பெற்றார்கள்.

இந்த மருந்து என்ன செய்கிறது, எதைச் செய்யவில்லை என்பதுதான் உங்கள் கேள்வியின் மையம். ஓர் ஆளை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்ப்போம். விகிதங்கள் ஆய்வுகளில் வருபவை, ஆள் மட்டும் நான் உதாரணத்துக்கு வைத்துக்கொண்டவர்.

ஆற்றங்கரைக் கிராமத்தில் 40 வயது விவசாயி. இரண்டு பக்க இடுப்பெலும்பு மேட்டிலிருந்தும் பாசிப்பருப்பு அளவுகூட இல்லாத தோல்துணுக்கு ஒன்றை, ரத்தம் வராமல் கிள்ளி எடுக்கிறோம். உப்புக்கரைசலில் போட்டு வைத்தால் குட்டிகள் தோலை விட்டு நீந்தி வெளியே வரும். மைக்ரோஸ்கோப்பில் எண்ணுகிறோம், ஒரு துணுக்கில் 60. கிலோவுக்கு 150 மைக்ரோகிராம் என்பது மருந்தின் அளவு, ஆனால் ஊருக்குள் தராசு தூக்கிக்கொண்டு போவதில்லை. கோடு போட்ட ஒரு கம்பு போதும். 90 சென்டிமீட்டரிலிருந்து 119 வரை ஒரு மாத்திரை, 120 முதல் 140 வரை இரண்டு, 141 முதல் 158 வரை மூன்று, அதற்கு மேல் நான்கு. ஒவ்வொன்றும் 3 மில்லிகிராம். நம் விவசாயி 162 சென்டிமீட்டர், நான்கை ஒரே வேளையில் விழுங்குகிறார். நீங்கள் 'ஒரு தடவை' என்று கேள்விப்பட்டது இந்த ஒரு வேளையைத்தான்.

அடுத்த சில நாளில் குட்டிகள் வாதம் வந்தது போல முடங்கிச் சாகத் தொடங்கும். மொத்தமாகச் சாவதால் அரிப்பு ஒருமுறை தலைதூக்கும், முகம் வீங்கலாம், காய்ச்சல், மூட்டுவலி வரலாம். இரண்டு மூன்று நாளில் அடங்கும், பாராசிட்டமாலும் அரிப்பு மாத்திரையும் போதும். 'மாத்திரை போட்டேன், நோய் அதிகமாகிவிட்டது' என்று மறு வருடம் ஓடி ஒளிகிறவர்கள் இந்தக் கட்டத்தில்தான் உருவாகிறார்கள். உண்மையில் அதிகக் குட்டி இருந்தவருக்குத்தான் அதிக எதிர்வினை. ஒன்றிரண்டு மாதம் கழித்து மறுபடி தோல் எடுத்தால், 60 இருந்த இடத்தில் ஒன்று இருக்கும், அல்லது ஒன்றுமே இருக்காது.

பெரிய புழு? அது சாகவில்லை. கட்டிக்குள் அப்படியே இருக்கிறது. மருந்து செய்ததெல்லாம், அதன் கருப்பையிலிருந்து குட்டிகள் வெளிவருவதைச் சில மாதத்துக்கு நிறுத்தியதுதான். மூன்று நான்கு மாதம் போனதும் புழு மெல்ல மறுபடி குட்டி போடத் தொடங்கும். ஒரு வருடம் முடியும்போது தோல்துணுக்கில் 60-க்கு 12 போல, அதாவது பழைய அளவில் ஐந்தில் ஒரு பங்கு வரை திரும்பியிருக்கும். அப்போது அடுத்த வேளை. மறுபடி பூஜ்யம், மறுபடி கொஞ்சம் ஏற்றம். தாய்ப்புழு கிழடாகிச் சாகிற வரை இதையே செய்ய வேண்டும், அதற்குத்தான் 10, 15 வருடம். மருந்து நிறுத்தி நிறுத்திப் போட்டால் நடு வருடங்களில் குட்டிகள் ஏறும், ஈ அவற்றை எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குப் புதுப் புழுவாகக் கொடுக்கும். அப்போது 15 வருடக் கணக்கு திரும்ப முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

மேற்கு ஆப்பிரிக்காவில் 1974 முதல் 2002 வரை நடந்த ஒழிப்புத் திட்டமும் இதே கணக்கில்தான் ஓடியது. ஆரம்பத்தில் அவர்களிடம் மாத்திரை இல்லை, ஈயை அடித்தார்கள். ஹெலிகாப்டரில் போய் ஆற்றுப் பாறைகளில் வாரா வாரம் புழுக்கொல்லி ஊற்றினார்கள். மனித உடம்பிலிருக்கும் புழுக்கள் எல்லாம் வயதாகிச் சாகும் வரை அதை நிறுத்த முடியவில்லை. லத்தீன் அமெரிக்காவில் இடங்கள் சின்னவை, அங்கே வருடத்துக்கு இரண்டு வேளை கொடுத்தார்கள். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை என்றால் குட்டிகள் ஏறவே நேரம் கிடைக்காது. கொலம்பியா 2013-லும், ஈக்வடார், மெக்சிகோ, குவாத்தமாலா அடுத்தடுத்த வருடங்களிலும் நோய் ஒழிந்த நாடுகளாக அறிவிக்கப்பட்டன. ஆப்பிரிக்காவில் முதலாவது நைஜர், 2025 ஜனவரியில்.

அப்படியென்றால் கேமரூனில் ஏன் இன்னும் இருக்கிறது? தம்பி போகிற பகுதிக்குப் பக்கத்திலேயே, எம்பாம் ஆற்றோரம் பாஃபியா வட்டாரத்தில், இருபது வருடத்துக்கும் மேலாக மாத்திரை கொடுத்தும் நோய் தொடர்ந்தது. ஒரு காரணம் ஈக்களின் எண்ணிக்கை. இன்னொன்று மாத்திரை யார் வாயில் போகிறது என்பது. ஊரில் எல்லோரும் வாங்க முடியாது. 90 சென்டிமீட்டருக்குக் குறைவான குழந்தைகள், கர்ப்பிணிகள், பிரசவமாகி ஒரு வாரம் ஆகாதவர்கள், கடும் நோயாளிகள் விலக்கு. இது தற்காலிகம்தான், அடுத்த வருடம் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் ஒவ்வொரு வருடமும் வராத ஒரு கூட்டம் உண்டு. வயலில் தங்குகிறவர்கள், மீன்பிடிக்க மாதக்கணக்கில் போய்விடுகிறவர்கள், முதல் வேளையின் எதிர்வினைக்குப் பயந்தவர்கள். பதிவேட்டில் 80 சதவீதம் என்று எழுதியிருக்கும், நன்றாகத்தான் தெரியும். மீதி 20 சதவீதம் வருடா வருடம் வேறு வேறு ஆட்களாக இருந்தால் பரவாயில்லை. அதே ஆட்கள் என்றால் நோய் அவர்களிடம் பத்திரமாக இருக்கும். பதிவேட்டைத் திறந்தால் நான் முதலில் தேடுவது சதவீதத்தை அல்ல, ஐந்து வருடமும் காலியாகக் கிடக்கும் பெயர்களை.

அந்தப் பயத்தில் எல்லாமே மூடநம்பிக்கை இல்லை. இங்கேதான் இரண்டாவது புழு வருகிறது, உங்கள் கேள்விக்கு நான் 'வேண்டாம்' என்று ஆரம்பித்ததன் காரணமும் இதுதான். அதன் பெயர் லோவா லோவா. மத்திய ஆப்பிரிக்கக் காடுகளில் வேறொரு பெரிய ஈயால் பரவும். பெரிய புழு சில சமயம் கண்ணின் வெள்ளைப் பகுதியில் ஊர்ந்து போவதைக் கண்ணாடியிலேயே பார்க்கலாம். பார்க்க பயங்கரம், ஆனால் பொதுவாகப் பார்வையைக் கெடுக்காது. இதன் குட்டிகள் தோலில் இல்லை, ரத்தத்தில் சுற்றும், அதுவும் பகலில். சிலருக்கு ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் 30,000-க்கு மேல் இருக்கும், அவர் பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருப்பார். அவருக்கு ஐவர்மெக்டின் கொடுத்தால் அத்தனையும் ரத்தத்தில் ஒரே நேரத்தில் முடங்கும். மூளையின் நுண்குழாய்கள் பாதிக்கப்படும். இரண்டு மூன்று நாளில் பேச்சு குழறும், ஆளை அடையாளம் தெரியாது, சிறுநீர் கட்டுப்பாடு போகும், நினைவு தப்பும். சிலர் தேறுவதில்லை.

கேமரூன் தலைநகர் யாவுண்டேக்கு வடமேற்கே ஒக்கோலா என்ற சுகாதார வட்டாரம் இருக்கிறது. 1999-ல் அங்கே ஐவர்மெக்டின் விநியோகம் தொடங்கியபோது இப்படிப் பலர் விழுந்து, உயிரிழப்பும் நேர்ந்து, விநியோகமே நிறுத்தப்பட்டது. ஆற்று நோய் அங்கே இருந்தது, மருந்து இருந்தது, கொடுக்க முடியவில்லை. 2015-ல்தான் ஒரு வழி பிறந்தது. லோவாஸ்கோப் என்று ஒரு கருவி, மொபைல் போன் கேமராவைக் கொண்டு செய்தது. விரலில் குத்தி எடுத்த ரத்தத்தை மெல்லிய கண்ணாடிக் குழாயில் ஏற்றிச் செருகினால், ரத்தத்தில் புழு நெளிவதை வீடியோ எடுத்து எண்ணிக்கையை ஓரிரு நிமிடத்தில் அதுவே சொல்லும். குட்டிகள் பகலில்தான் ரத்தத்துக்கு வரும் என்பதால் காலை பத்து மணியிலிருந்து மாலை நான்கு மணிக்குள்தான் சோதனை. மில்லிலிட்டருக்கு 20,000-க்கு மேல் இருந்தவருக்கு மாத்திரை இல்லை, மற்றவர்களுக்கு உண்டு. 16,000-க்கு மேற்பட்டோரைச் சோதித்ததில் இந்த எல்லையைத் தாண்டியவர்கள் 2 சதவீதம்தான். மருந்து வாங்கியவர்களில் ஒருவர்கூட மூளை பாதிப்பில் விழவில்லை. நிறுத்தியதையே ஒரு சிகிச்சை முறையாக மாற்றியது இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த வேலை.

விலக்கப்பட்ட அந்த 2 சதவீதத்துக்கு என்ன செய்வது? இங்கேதான் வோல்பாக்கியா. ஓங்கோசெர்கா புழு அந்த பாக்டீரியா இல்லாமல் வாழ முடியாது. டாக்ஸிசைக்ளின் என்ற சாதாரண ஆன்டிபயாட்டிக்கை நாளுக்கு 200 மில்லிகிராம் வீதம் ஆறு வாரம் கொடுத்தால் பாக்டீரியா செத்து, பெண் புழு மலடாகும், பிறகு பலவும் மெல்லச் சாகும். லோவா புழுவிடம் இந்த பாக்டீரியா கிடையாது, எனவே அதற்கு ஒன்றும் ஆகாது, மூளை ஆபத்தும் இல்லை. ஊர் முழுக்க ஆறு வாரம் தினமும் மாத்திரை விழுங்கவைப்பது நடக்கிற காரியமில்லை, கர்ப்பிணிகளுக்கும் எட்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் இது ஆகாது. ஆனால் தனி ஒருவருக்கு, குறிப்பாக அந்த நாட்டை விட்டு வந்துவிட்ட, இனிமேல் கடி வாங்கப் போகாத ஒருவருக்கு, மிகச் சரியான மருந்து. வருஷா வருஷம் மாத்திரை என்பது அங்கேயே இருந்து கடி வாங்கிக்கொண்டே இருக்கிற ஊருக்கான ஏற்பாடு. தம்பிக்கு அந்த ஏற்பாடு பொருந்தாது.

சரி, தம்பி என்ன செய்ய வேண்டும். இந்த நோய்க்குத் தடுப்பூசி இல்லை, முன்கூட்டிப் போட்டுக்கொள்ளும் மாத்திரையும் இல்லை. ஐவர்மெக்டினை முன்பே விழுங்கிவிட்டுப் போனால், புதிதாக வரும் புழு உடம்பில் தங்குவதைத் தடுக்கும் என்று நம்ப வேண்டாம். கொசுவலை மலேரியாவுக்குக் கட்டாயம் வேண்டும், ஆனால் இந்த ஈ பகலில் கடிப்பது, வலை இதற்கு உதவாது. ஆற்றோரத்தில் நிற்கும்போது முழு நீளக் கால்சட்டை, அதைச் செருகிய உயரமான பூட்ஸ் அல்லது கனமான காலுறை, வெளியே தெரியும் தோலில் டீட் கலந்த பூச்சுமருந்து, துணிக்குப் பெர்மெத்ரின் தெளிப்பு. அரைக்கால் சட்டையும் செருப்பும் போட்டுக்கொண்டு பாறைமேல் உட்கார்ந்து சாப்பிடுவதைத் தவிர்த்தாலே கடியில் பெரும்பகுதி குறையும். வேலை இடத்தில் சுகாதாரக் குழு வந்து மாத்திரை கொடுத்தால், முதலில் லோவா சோதனை செய்தீர்களா என்று கேட்கச் சொல்லுங்கள். அந்த ஊர்களில் அது விசித்திரமான கேள்வி இல்லை.

திரும்பி வந்த பிறகுதான் நாம் கவனிக்க வேண்டும், ஏனென்றால் புழு முதிர ஒரு வருடத்துக்கு மேல் ஆகலாம் என்று சொன்னேன் அல்லவா. வெளியிலிருந்து போய் வருகிறவர்களுக்கு இது சிறுத்தைத் தோலாக வராது. விடாத அரிப்பு, ஒரு கையோ காலோ மட்டும் வீங்கிச் சிவப்பது, ரத்தப் பரிசோதனையில் ஈசினோஃபில் என்ற வெள்ளை அணு எகிறி நிற்பது, இப்படித்தான் தலைகாட்டும். அதைப் பார்த்து நம்மூரில் அலர்ஜி என்பார்கள், சொறி சிரங்கு என்பார்கள். சிரங்கு என்று நினைத்தால் ஐவர்மெக்டின் எழுதுவார்கள். ஈசினோஃபில் கூடியிருக்கிறதே, யானைக்கால் புழுவாக இருக்கலாம் என்று நினைத்தால் டி.இ.சி. எழுதுவார்கள். தமிழ்நாட்டில் யானைக்கால் ஒழிப்புக்கு வீடு வீடாகக் கொடுத்த அதே மாத்திரை. இங்கேயே இருக்கிறவர்களுக்கு அது சரி. ஆற்று நோய்ப் புழு உடம்பில் இருப்பவருக்கு டி.இ.சி. கொடுத்தால் குட்டிகள் தோலிலும் கண்ணிலும் இருந்த இடத்திலேயே வேகமாகச் சாகும். கடும் காய்ச்சல், ரத்த அழுத்தம் சரிவது, உடம்பெங்கும் தடிப்பு, அதோடு நல்ல கண்ணையே கெடுத்துவிடவும் கூடும். ஒரு காலத்தில் சந்தேகப்பட்ட நோயாளிக்கு ஒரு துளி டி.இ.சி. கொடுத்து, அரிப்பு வருகிறதா என்று பார்த்தே நோயைக் கண்டுபிடித்தார்கள். மெக்சிகோவின் மஸோட்டி பெயரால் அந்தச் சோதனையை அழைப்பார்கள், ஆபத்தானது என்று இப்போது கைவிட்டுவிட்டார்கள்.

ஆகவே திரும்பி வந்து மூன்று வருடம் வரை, அரிப்போ வீக்கமோ ஈசினோஃபில் ஏற்றமோ எது வந்தாலும், எந்த மருத்துவரிடம் போனாலும், முதல் வாக்கியமாகவே 'கேமரூனில் ஆற்றோரம் இரண்டு வருடம் இருந்தேன்' என்று தம்பி சொல்லட்டும். மருந்துச்சீட்டு எழுதுவதற்கு முன்னால் மூன்று காரியம் நடக்க வேண்டும். இடுப்பில் தோல்துணுக்கு எடுத்துப் பார்ப்பது, மதிய வேளையில் எடுத்த ரத்தத்தில் லோவா குட்டிகளைத் தேடுவது, கண் மருத்துவரிடம் ஸ்லிட் லேம்பில் காட்டுவது. வெளியூர் ஆட்களுக்குக் குட்டிகள் குறைவாகவே இருக்கும் என்பதால் தோல்துணுக்கு ஒன்று இரண்டு போதாது, நாலைந்து இடத்தில் எடுக்கச் சொல்லுங்கள். வேலூர் மாதிரி வெப்பமண்டல நோய் அனுபவம் உள்ள மருத்துவக் கல்லூரிக்கு நேரே போவது நல்லது. ரத்தம் மட்டும் காலை வெறும் வயிற்றில் ஏழு மணிக்கு எடுத்துவிடுவார்கள், அதற்கு ஒத்துக்கொள்ள வேண்டாம்.